ஐகன் பெறுமானமும் ஐகன் காவியும் – விரிவுரைக் குறிப்பின் எடுத்துக்காட்டொன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

தாயங்களைப் பற்றிக் கற்கும் மாணாக்கர் பல்கலைக்கழகத்து முதலாண்டில் எதிர்கொள்ளும் பகுதிகளுள் ஐகன் பெறுமானம், ஐகன் காவி என்பன பற்றிய பகுதி தனித்தன்மை வாய்ந்தது. அதனைக் கணிக்கக் கற்பது எளிது. ஒரு மணி நேரத்திற் கற்றுவிடலாம். கணித்தது யாது என்று உணர்தலோ பலர்க்கு ஈராண்டு கழிந்தும் கைகூடுவதில்லை. இவ்விடர்ப்பாட்டுக்குக் காரணம் பொருளின் அருமை அன்று; விரிவுரைக் குறிப்புக்கள் அதனை எடுத்துரைக்கும் ஒழுங்கே காரணம் என்பது இக்கட்டுரையிற் காட்டப்படும். அதன்பொருட்டுப் பெரிய தேற்றம் எதனையும் நாடவேண்டியதில்லை. குறிப்புக்களிற் காணப்படுவது போன்ற, ஈர் நிரையும் ஈர் நிரலும் கொண்ட சிறு தாயம் ஒன்றே போதும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். ‘ஐகன்’ என்பது ஜேர்மன் மொழிச் சொல். ‘தனக்கே உரிய’ என்பது அதன் பொருள். டேவிட் ஹில்பேட் 1904 ஆம் ஆண்டில் தொகையீட்டுச் சமன்பாடுகளை ஆராய்ந்தபோது இச்சொல்லைப் பெறுமானம் என்னும் சொல்லோடு சேர்த்து வழங்கினார். அதற்கு முன்னர், 1883 இல், சில்வெஸ்ரர் இவற்றை ‘மறைந்துறையும் மூலங்கள்’ என்னும் பொருள்பட அழைத்திருந்தார். இவ்விரு பெயர்களும் ஒரு செய்தியையே குறிக்கின்றன: தாயத்தின் நான்கு எண்களைப் பார்த்த மாத்திரத்திற் புலனாகாத, ஆயினும் அத்தாயத்துக்கே உரிய, சில எண்கள் அதனுள் உள்ளன. பெயரிலேயே பொதிந்துள்ள இக்கருத்தைப் பெரும்பாலான குறிப்புக்கள் ஒரு வரியிலேனும் கூறுவதில்லை.

குறிப்பின் பக்கம்

வழக்கமான குறிப்பின் பக்கம் பின்வருமாறு அமையும். முதலில் வரைவிலக்கணம்: பூச்சியமல்லாத காவி x ஒன்றுக்கு Ax = λx ஆயின், λ என்பது A யின் ஐகன் பெறுமானம்; x அதற்குரிய ஐகன் காவி. அடுத்த வரியில் இச்சமன்பாடு (A − λI)x = 0 என மாற்றி எழுதப்படும். இதற்குப் பூச்சியமல்லாத தீர்வு இருத்தல் வேண்டுமாயின் A − λI யின் துணிகோவை பூச்சியமாதல் வேண்டும் என்று கூறப்படும். உடனே எடுத்துக்காட்டு வரும். நாம் பின்வரும் தாயத்தை எடுத்துக்கொள்வோம்.

```
A = | 4  1 |
    | 2  3 |
```

துணிகோவையை விரித்தால் (4 − λ)(3 − λ) − 2 = 0, அதாவது λ² − 7λ + 10 = 0 என்னும் சிறப்பியல்புச் சமன்பாடு கிடைக்கும். இதன் மூலங்கள் 5 உம் 2 உம் ஆகும். λ = 5 எனப் பிரதியிட்டால் −x + y = 0; ஆகவே காவி (1, 1). λ = 2 எனப் பிரதியிட்டால் 2x + y = 0; ஆகவே காவி (1, −2). இவ்வளவில் விடை முடிந்தது என்று கீழே கோடு இழுக்கப்படும்.

இப்பக்கத்திற் பிழையான வரி ஒன்றேனும் இல்லை. ஆயினும் இதனைப் படித்து முடித்த மாணாக்கனிடம் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். 5 என்னும் எண் எதனை அளக்கின்றது? துணிகோவை இங்கே ஏன் வந்தது? விடை கிடைத்தபின் அதனைக் கொண்டு செய்யத்தக்கது யாது? இம்மூன்றுக்கும் விடை அப்பக்கத்தில் இல்லை. ஆனால் மூன்றுக்குமான விடை அந்நான்கு எண்களுள்ளேயே இருக்கின்றது. குறிப்பு அதனை வெளிக்கொணரவில்லை என்பதே நமது குறைபாடு.

தாயம் செய்யும் தொழில்

வரைவிலக்கணத்தின் முன்னரே கூறப்பட வேண்டியது ஒன்றுண்டு. தாயம் எண்களின் அடுக்கு மாத்திரம் அன்று; தளத்திலுள்ள ஒவ்வொரு காவியையும் மற்றொரு காவியாக மாற்றும் ஒரு செயலும் ஆகும். நமது A யை இரண்டொரு காவிகள் மீது செலுத்திப் பார்ப்போம். (3, 0) என்னும் காவி (12, 6) ஆகின்றது. கிடையாக நின்ற காவி நீண்டதோடு திசையும் மாறிவிட்டது. (0, 1) என்னும் காவி (1, 3) ஆகின்றது. இதுவும் திசை மாறியது. இவ்வாறு எடுத்த காவிகள் பெரும்பாலும் நீள்வதும் திரும்புவதும் ஆகிய இரண்டையும் ஒருங்கே அடைகின்றன. ஆதலால் A யின் செயலை ஒரு சொல்லால் விவரித்தல் அரிதாகத் தோன்றும்.

இனி (1, 1) ஐ எடுப்போம். அது (5, 5) ஆகின்றது. திசை மாறவில்லை, நீளம் மாத்திரம் 5 மடங்காயிற்று. (1, −2) ஐ எடுத்தால் அது (2, −4) ஆகின்றது. இங்கும் திசை மாறவில்லை. நீளம் 2 மடங்காயிற்று. எல்லாத் திசைகளையும் திருப்பும் இத்தாயம் இரண்டு திசைகளை மாத்திரம் திருப்பாது விடுகின்றது. அத்திசைகளில் அது வெறும் பெருக்கலாகிவிடுகின்றது. 5 உம் 2 உம் அளப்பது இதனையே.

இங்கே ஒரு நுட்பம் கருதற்பாலது. (1, 1) ஐப் போலவே (2, 2) உம், (−7, −7) உம் 5 மடங்காகின்றன. ஆகவே தாயத்துக்கு உரியது தனிக் காவி அன்று. உற்பத்திப் புள்ளியினூடு செல்லும் ஒரு நேர்கோடு. விடைப்புத்தகத்தில் (1, −2) என்றிருக்கத் தன் தாளில் (−1, 2) என்று வந்ததைக் கண்டு மயங்கி, சரியான விடையை வெட்டிவிட்டு மீண்டும் கணிக்கும் மாணாக்கர் பலர். குறிப்பு ‘காவி’ என்று எழுதிய இடத்தில் ‘இக்கோட்டிலுள்ள காவிகள்’ என்று எழுதியிருப்பின் அம்மயக்கம் நேர்ந்திராது.

துணிகோவை வந்த காரணம்

இரண்டாம் வினாவுக்கு வருவோம். திசை மாறாத காவியைத் தேடும் நாம் திடீரெனத் துணிகோவையைப் பூச்சியமாக்கப் புகுவது ஏன்? குறிப்பு ஒரு தேற்றத்தைச் சுட்டிவிட்டு அகன்றுவிடுகின்றது. நமது தாயத்தில் அதனைக் கண்ணாற் காணலாம்.

(1, 1) ஐ A ஆனது 5 மடங்காக்குகின்றது. ஆகவே A செய்த பின்னர் 5 மடங்கைக் கழித்துவிட்டால் எஞ்சுவது பூச்சியம். அதாவது A − 5I என்னும் தாயம் (1, 1) இருக்கும் கோடு முழுவதையும் உற்பத்திப் புள்ளியில் ஒடுக்கிவிடுகின்றது. ஒரு கோடு முழுவதும் ஒரு புள்ளியாக ஒடுங்குமாயின், தளமும் தன் ஒரு பரிமாணத்தை இழந்து ஒரு கோடாக ஒடுங்கும். பரப்புள்ள சதுரம் பரப்பற்ற கோட்டுத் துண்டாகும். துணிகோவை என்பது பரப்பு எத்தனை மடங்காகின்றது என்பதை அளக்கும் எண் ஆதலால் அது பூச்சியமாகின்றது. இதுவே துணிகோவை வந்த காரணம். ‘எவ்வெண்ணைக் கழித்தால் தளம் கோடாக ஒடுங்கும்?’ என்பதே சிறப்பியல்புச் சமன்பாடு கேட்கும் வினா.

அவ்வாறாயின் தளம் எக்கோட்டின்மீது ஒடுங்குகின்றது? தாயங்களையே எழுதிப் பார்ப்போம்.

```
A - 5I = | -1   1 |      A - 2I = | 2  1 |
         |  2  -2 |               | 2  1 |
```

A − 5I யின் நிரல்கள் (−1, 2), (1, −2) என்பன. இரண்டும் λ = 2 க்குரிய கோட்டில் உள்ளவை. A − 2I யின் நிரல்கள் (2, 2), (1, 1) என்பன. இரண்டும் λ = 5 க்குரிய கோட்டில் உள்ளவை. ஒரு பெறுமானத்தைக் கழித்தபோது மற்றப் பெறுமானத்தின் காவி நிரலிலேயே தோன்றி நிற்கின்றது. குறிப்பை எழுதியவர் இத்தாயங்களைத் தம் கையாலேயே எழுதினார், நிரைகளை வைத்துச் சமன்பாடு தீர்த்தார், நிரல்களை நோக்கினாரல்லர். நோக்கியிருப்பின், பெறுமானம் வேறு வேறாயுள்ள ஈர் நிரைத் தாயங்களில் இரண்டாம் சமன்பாட்டைத் தீர்க்கவே தேவையில்லை என்பதை மாணாக்கர்க்குக் காட்டியிருப்பார்.

இது தற்செயலான பொருத்தம் அன்று. A − 5I யையும் A − 2I யையும் பெருக்கினால் பூச்சியத் தாயம் வரும். A² − 7A + 10I = 0 என்பதே அதன் விரிவு. A² ஐக் கணித்து இதனைச் சரிபார்க்கலாம்: அதன் நிரைகள் (18, 7), (14, 11), 7A யின் நிரைகள் (28, 7), (14, 21), கழித்தால் முதன்மை மூலைவிட்டத்தில் −10 உம் ஏனைய இடங்களிற் பூச்சியமும் நிற்கும். ஆதர் கேலி 1858 ஆம் ஆண்டிற் தாயங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இவ்வுண்மையை ஈர் நிரைத் தாயத்துக்கே விரித்துக் காட்டினார். சிறு எடுத்துக்காட்டு எவ்வளவு சுமக்க வல்லது என்பதற்கு இது சான்றாகும்.

துணிகோவையின்றிச் செல்லும் வழி

துணிகோவையை முன்வைத்தல் தகாது என்னும் கட்சியும் கணிதவறிஞரிடையே உண்டு. ஷெல்டன் அக்ஸ்லர் 1995 இல் அமெரிக்கக் கணித மாத சஞ்சிகையில் ‘துணிகோவைகள் ஒழிக’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐகன் பெறுமானம் உண்டு என்பதைத் துணிகோவையைத் தொடாமலே நிறுவலாம் என்பது அவர் வாதம். அந்நிறுவலின் கருத்தை நமது தாயத்திற் செய்து பார்த்தல் பயனுடைத்து.

ஏதேனும் ஒரு காவியை எடுப்போம். (3, 0) ஆகுக. அதன்மீது A யை இருமுறை செலுத்தினால் (3, 0), (12, 6), (54, 42) என மூன்று காவிகள் கிடைக்கும். தளத்தில் மூன்று காவிகள் ஒன்றையொன்று சாராமல் இருத்தல் இயலாது. ஆகவே மூன்றாவதை முன்னிரண்டாலும் எழுதலாம். இரண்டாம் ஆள்கூறுகளை நோக்கினால் 42 = 7 × 6; ஆகவே (12, 6) இன் குணகம் 7. முதலாம் ஆள்கூறுகளில் 54 = 7 × 12 − 10 × 3; ஆகவே (3, 0) இன் குணகம் −10. அதாவது, v = (3, 0) ஆக, A²v − 7Av + 10v = 0. துணிகோவை எதனையும் விரிக்காமலே அதே இருபடிக்கோவை வந்துவிட்டது.

இதனைக் காரணிப்படுத்தினால் (A − 5I)(A − 2I)v = 0 ஆகும். ஆகவே (A − 2I)v என்பதை A ஆனது 5 மடங்காக்குதல் வேண்டும். அதனைக் கணித்தால் (12, 6) − (6, 0) = (6, 6). அவ்வாறே (A − 5I)v = (12, 6) − (15, 0) = (−3, 6). இரு ஐகன் காவிகளும் தாமே வந்து நிற்கின்றன. மேலும் முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் (9, 0) வரும்; அது நாம் எடுத்த காவியின் 3 மடங்கு. ஆகவே (3, 0) = (2, 2) + (1, −2) என அது இரு ஐகன் திசைகளாகவும் பிரிந்துவிட்டது.

இவ்வழிக்கும் எல்லையுண்டு. தொடக்கத்தில் (1, 1) ஐ எடுத்திருப்போமாயின் ஒரு பெருக்கலிலேயே (5, 5) வந்து 5 மாத்திரம் வெளிப்படும், 2 மறைந்தேயிருக்கும். துணிகோவை அவ்வாறு எதனையும் மறைப்பதில்லை. ஆதலால் அக்ஸ்லரின் கட்சியை முற்றாக ஏற்று மற்றதை விலக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. பொருளை உணர்த்துவதற்கு இவ்வழி சிறந்தது. ஒரு பெறுமானமும் தவறாமற் கணக்கெடுப்பதற்குத் துணிகோவை சிறந்தது. குறிப்புக்கள் பின்னதை மாத்திரம் தந்து முன்னதை மறந்துவிடுகின்றன.

விடைக்குப் பின்

மூன்றாம் வினாவே முதன்மையானது. பெறுமானங்களும் காவிகளும் கிடைத்ததும் குறிப்பு நின்றுவிடுகின்றது. உண்மையில் எடுத்துக்காட்டுத் தொடங்கவேண்டிய இடம் அதுவே.

(3, 0) என்பது (2, 2) உம் (1, −2) உம் சேர்ந்தது என்று கண்டோம். A யை ஒருமுறை செலுத்தினால் முதற்பகுதி 5 மடங்கும் இரண்டாம் பகுதி 2 மடங்கும் ஆகும்: (10, 10) + (2, −4) = (12, 6). முன்னர்க் கண்ட விடையே இது. n முறை செலுத்தினால் முதற்பகுதி 5ⁿ மடங்கும் இரண்டாம் பகுதி 2ⁿ மடங்கும் ஆகும். பத்து முறை செலுத்திய விடை வேண்டுமாயின், பத்துத் தாயப் பெருக்கல்கள் செய்தல் வேண்டா. 5¹⁰ = 9765625; 2¹⁰ = 1024. ஆகவே விடை (19531250 + 1024, 19531250 − 2048), அதாவது (19532274, 19529202).

இவ்விரு ஆள்கூறுகளும் ஏறத்தாழச் சமமாயிருத்தலைக் காண்க. படிப்படியாக நோக்கினாலும் (12, 6), (54, 42), (258, 234), (1266, 1218) என்று செல்லும் காவிகளில் இரண்டாம் ஆள்கூற்றுக்கும் முதலாம் ஆள்கூற்றுக்குமுள்ள விகிதம் 0.5, 0.78, 0.91, 0.96 என 1 ஐ நோக்கி ஏறுகின்றது. கிடையாகத் தொடங்கிய காவி (1, 1) இன் திசையை நோக்கித் திரும்பிக்கொண்டே போகின்றது. காரணம் வெளிப்படை. ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதி 5 ஆலும் மற்றது 2 ஆலும் பெருகுவதால், சிறியது பெரியதை நோக்க ஒவ்வொரு முறையும் 2/5 பங்காகக் குறுகுகின்றது. இதனை உணர்ந்தவன், முதலில் A யை நோக்கிய போது குழப்பமாகத் தோன்றிய திருப்பம் யாது என்பதையும் உணர்வான். தாயம் எதனையும் தனியே சுழற்றவில்லை. இரு கோடுகளில் வெவ்வேறு அளவாக நீட்டியது. அவ்வேறுபாடே நமக்குத் திருப்பமாகத் தோன்றிற்று.

எடுத்துக்காட்டைத் தெரிதல்

எடுத்துக்காட்டு ஒன்றே தரப்படும்போது அதனைத் தெரிவதிற் பெருங்கவனம் வேண்டும். மாணாக்கன் அதன் தற்செயற் பண்புகளையும் பொது விதியாகக் கொள்வான். பல குறிப்புக்கள் மூலைவிட்டத்தின் இருபுறமும் ஒத்த சமச்சீர்த் தாயத்தையே எடுக்கின்றன. அதன் ஐகன் காவிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வரும். அதனை மாத்திரம் கண்டவன் எல்லாத் தாயங்களுக்கும் அவ்வாறே என்று எண்ணுவான். நமது தாயம் சமச்சீரன்று. (1, 1), (1, −2) என்பவற்றின் எண்ணிப் பெருக்கம் −1, பூச்சியமன்று. செங்குத்தாதல் சமச்சீர்மையின் பயன், ஐகன் காவியின் இயல்பன்று என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் நமது தாயமும் இரண்டு செய்திகளை மறைக்கின்றது. மெய்யெண் மூலமே இல்லாத தாயங்கள் உண்டு. போதிய காவிகள் இல்லாத தாயங்களும் உண்டு. இவற்றைக் காட்டாத குறிப்பு முற்றுப்பெற்றதாகாது.

```
R = | 0  -1 |      S = | 3  1 |
    | 1   0 |          | 0  3 |
```

R ஒவ்வொரு காவியையும் 90 பாகை சுழற்றுகின்றது. எல்லாத் திசையும் மாறுகின்றமையால் மாறாத திசை என ஒன்று தளத்தில் இல்லை. சமன்பாடு λ² + 1 = 0 ஆகி, i, −i என்னும் சிக்கலெண்களைத் தருகின்றது. நான்கு முறை சுழற்றினால் பழைய நிலைக்கு வருதலும், i யின் நான்காம் வலு 1 ஆதலும் ஒன்றையே உரைப்பன.

S இன் நிலை வேறு. அதன் பெறுமானம் 3 என்பது இரட்டை மூலம். ஆயின் திசை மாறாத கோடு (1, 0) இருக்கும் கோடு ஒன்றே. (0, 1) ஐ அதன்வழி செலுத்தினால் (1, 3), (6, 9), (27, 27), (108, 81) எனச் செல்லும். இரண்டாம் ஆள்கூறு 3 இன் வலுக்களாய் ஒழுங்காகப் பெருகுகின்றது. முதலாவதோ n × 3ⁿ⁻¹ ஆகின்றது. n என்னும் காரணி புதிதாக உட்புகுந்தமையே ஒரு காவி குறைந்தமைக்கு அடையாளம். இத்தகைய தாயத்தில், விடைத்தாளில் இரண்டு காவி எழுதியே தீரவேண்டும் என்று எண்ணி, இல்லாத ஒன்றைப் புனைந்தெழுதும் மாணாக்கர் உளர்.

மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் கில்பேட் ஸ்ட்ராங் ஆற்றி, 1999 ஆம் ஆண்டிற் படம்பிடிக்கப்பட்ட விரிவுரைத் தொடரின் 21 ஆம் விரிவுரை இவ்வகையிற் பாராட்டத்தக்கது. அவர் துணிகோவையைத் தொடுமுன்னர், ஒரு தளத்தின்மீது காவிகளை எறியம் செய்யும் தாயத்தை எடுத்து, தளத்திலுள்ளவை மாறா, செங்குத்தானவை பூச்சியமாகும் என்று காட்டி 1, 0 ஆகிய பெறுமானங்களைக் கணிப்பின்றியே பெறுகின்றார். பின்னர்ச் சமச்சீர்த் தாயம் ஒன்றைக் கணித்தாலும், மேலே தந்த சுழற்சித் தாயத்தையும் இரட்டை மூலத் தாயத்தையும் அதே மணி நேரத்தில் எதிர்வைத்து எச்சரிக்கின்றார். வாய்மொழியாகக் கேட்போர்க்குக் கிடைக்கும் இவ்வொழுங்கு எழுத்துக் குறிப்பாகச் சுருங்கும்போது இழக்கப்படுகின்றது. குறிப்பிற் சமன்பாடுகள் எஞ்சுகின்றன. அவற்றுக்கு முன்னும் பின்னும் சொல்லப்பட்டவை எஞ்சுவதில்லை.

பிழையை அறியும் வழி

இறுதியாக, குறிப்புக்கள் பெரிதும் புறக்கணிப்பது சரிபார்த்தல். A யின் முதன்மை மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 4 + 3 = 7; பெறுமானங்களின் கூட்டுத்தொகை 5 + 2 = 7. துணிகோவை 12 − 2 = 10; பெறுமானங்களின் பெருக்கம் 10. இவ்விரண்டும் பொருந்துதல் வேண்டும். காவியைச் சரிபார்க்க A யால் ஒருமுறை பெருக்கினாற் போதும். λ ஐப் பிரதியிட்டபோது x = 0, y = 0 என்னும் தீர்வு மாத்திரம் வருமாயின் அந்த λ பிழையானது; மேலே செல்லாது திரும்பவேண்டும்.

இவ்விரு சோதனைகளும் ஏன் ஒருங்கே வேண்டும் என்பதை ஒரு பொதுப்பிழை காட்டும். ஏகபரிமாணச் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது ஒரு நிரையின் மடங்கை மற்ற நிரையிலிருந்து கழித்துத் தாயத்தை எளிதாக்குவோம். அப்பழக்கத்தால் இங்கும் முதல் நிரையின் பாதியை இரண்டாம் நிரையிலிருந்து கழித்தால் நிரைகள் (4, 1), (0, 2.5) ஆகும். கீழே பூச்சியம் வந்தமையால் பெறுமானங்கள் 4, 2.5 என்று எழுதத் தோன்றும். பெருக்கம் 10, துணிகோவைச் சோதனை பிழையைக் காட்டாது. கூட்டுத்தொகையோ 6.5, 7 அன்று. பிழை அங்கே பிடிபடும். நிரைகளைக் கழித்தல் சமன்பாட்டின் தீர்வை மாற்றாது. ஆனால் தாயத்தின் செயலை மாற்றிவிடும். செயல் மாறினால் அதற்கே உரிய எண்களும் மாறும். ஐகன் பெறுமானம் ஒரு செயலின் பண்பு என்பதை முதலிலேயே உணர்ந்தவன் இப்பிழையைச் செய்யான்.

பெரிய தாயங்களுக்குச் செல்லும்போதும் இவ்வுணர்வே துணைபுரியும். நான்காம் படிக்கு மேற்பட்ட சமன்பாடுகளுக்கு, மூலங்களைத் தரும் பொதுச் சூத்திரம் இல்லை. ஆதலாற் கணினிகள் சிறப்பியல்புச் சமன்பாட்டை விரித்துத் தீர்ப்பதில்லை. 1961 ஆம் ஆண்டளவில் ஜோன் பிரான்சிஸ் என்பவரும் வேரா குப்லனோவ்ஸ்கயா என்பவரும் தனித்தனியே கண்ட முறை, தாயத்தைத் திரும்பத் திரும்ப மாற்றியமைத்துப் பெறுமானங்கள் மூலைவிட்டத்தில் வந்தடையுமாறு செய்கின்றது. (3, 0) என்னும் காவி படிப்படியாக (1, 1) இன் திசையை அடைந்ததை மேலே கண்டவர்க்கு, அம்முறையின் அடிக்கருத்து முற்றும் புதிதாயிராது. இருபடிச் சமன்பாட்டை மாத்திரம் கற்றவர்க்கோ அது தொடர்பற்ற வேறொரு பாடமாகவே தோன்றும்.

ஆகவே நாம் கண்ட குறை எடுத்துக்காட்டுச் சிறிது என்பதன்று. ஈர் நிரைத் தாயமே இதற்குத் தக்கது. அதன் ஒவ்வோர் அடியையும் கையாற் செய்து பார்க்கலாம். குறை, அதனை விடை கண்டவுடன் கைவிட்டமையாகும். இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், முதலில் இரண்டு மூன்று காவிகளைத் தாயத்தின்வழி செலுத்தித் திசை மாறாதவற்றைக் காட்டி, அதன்பின் துணிகோவையைத் தந்து, விடை கிடைத்தபின் ஒரு காவியைப் பிரித்துப் பத்தாம் வலுவரை கொண்டுசென்று, முடிவில் R, S என்பன போன்ற இரு தாயங்களை எதிர்வைப்பாராயின், அதற்கு மேலதிகமாக வேண்டப்படுவது ஒரு பக்கமே. கற்பவரும் தம் குறிப்பிற் கோடிழுக்கப்பட்ட இடத்துக்குக் கீழே அப்பக்கத்தைத் தாமே எழுதிக்கொள்ளலாம்.